பதில் வராத ஆர்.டி.ஐ. மனு: முதல் மேல்முறையீட்டுக் கடிதத்தை எப்படி எழுதுவது?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டு ஒருவர் காத்திருக்கிறார். ஒரு மாதம் ஓடிவிடுகிறது. கடிதமும் இல்லை, போனும் இல்லை. இந்த இடத்தில் பலர் மனுவை மறந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் கோபத்தில் ஒரே புகாரை மாவட்ட ஆட்சியர், முதலமைச்சர் தனிப்பிரிவு, தகவல் ஆணையம் என்று நாலு இடத்துக்கு அனுப்புகிறார்கள். கேட்ட தகவல் இந்த இரண்டு வழியிலும் வந்து சேர்வது அரிது.

இந்த நிலைமைக்கென்றே 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 19(1)-இல் ஒரு வழி வைத்திருக்கிறது. அதுதான் முதல் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை, கட்டாயப் படிவமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒன்றரைப் பக்கக் கடிதம் போதும். ஆனால் அதை எந்த நாளில் அனுப்புகிறோம், யார் பெயருக்கு அனுப்புகிறோம், எதைக் கேட்கிறோம் என்ற மூன்றும் சரியாக இருக்க வேண்டும். மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் பழைய மேல்முறையீட்டுக் கடிதங்களைப் பார்த்தால், அவற்றில் குமுறல் இருக்கும், தேதி இருக்காது. படிக்கும்போது மனம் வலிக்கும். ஆனால் அந்தக் கடிதத்தைக் கொண்டு அடுத்த படிக்குப் போக முடியாது.

மௌனத்துக்குச் சட்டம் தரும் பொருள்

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் தகவலைத் தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும் என்கிறது பிரிவு 7(1). உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரம். இரண்டையும் செய்யாமல் இருந்துவிட்டால் என்ன? அதற்குப் பதில் பிரிவு 7(2)-இல் இருக்கிறது. குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால், அவர் கோரிக்கையை மறுத்துவிட்டதாகவே கருதப்படும். மௌனம் சம்மதம் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தச் சட்டத்தில் மௌனம் மறுப்பு.

இதன் பலன் பெரியது. மறுப்புக் கடிதம் கையில் இல்லையே, எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது என்று தயங்கத் தேவையில்லை. 30 நாள் கடந்தது என்பதே மறுப்பு. அந்த 30 நாள் கடந்தது என்பதை நிரூபிக்கும் தாள்தான் நம் கையில் இருக்க வேண்டும். அதனால் மேல்முறையீட்டுக்கான வேலை மனு போடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. வில்லை ஒட்டிய பிறகு மனுவை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லை ஒட்டுவதற்கு முன் எடுத்த நகலில் கட்டணம் கட்டியதற்குச் சான்று இல்லை. நேரில் கொடுத்தால் அந்த நகலிலேயே தபால் பிரிவின் தேதி முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பட்டுவாடாவுக்கான ஒப்புகையும் வேண்டும் என்று கவுண்டரில் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புகை தேதி இல்லாமலோ வெறும் கிறுக்கலோடோ திரும்புவது சகஜம். ஆகவே அஞ்சல் துறை இணையதளத்தில் பட்டுவாடா ஆன நாளைக் காட்டும் பக்கத்தை அந்த வாரமே அச்செடுத்து வையுங்கள். அந்த விவரம் தளத்தில் நெடுநாள் இருக்காது.

ஒரு வழக்கை நாள் நாளாகப் பார்ப்போம்

கணக்கு விளங்குவதற்காக ஒரு வழக்கை நானே அமைத்துக்கொள்கிறேன். கிராமத்தில் பாகப்பிரிவினையான நிலத்துக்கு உட்பிரிவு செய்து பட்டா மாற்றக் கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். கட்டணமும் கட்டியாகிவிட்டது. ஏழு மாதமாக நில அளவர் வரவில்லை. அவர் ஆர்.டி.ஐ. மனுவில் நாலு கேள்வி கேட்கிறார். தன் விண்ணப்பம் நில அளவருக்கு அனுப்பப்பட்ட நாள் எது? கோப்பில் இதுவரை எழுதப்பட்ட குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். தனக்குப் பின் வந்து தனக்கு முன் முடிக்கப்பட்ட உட்பிரிவு விண்ணப்பங்கள் பதிவான பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும். இந்த ஏழு மாதத்தில் கோப்பு எந்தெந்தப் பதவியில் உள்ளவரிடம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தது?

நல்ல கேள்விகள். நாலுமே அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைக் கேட்கின்றன. "ஏன் இன்னும் அளக்கவில்லை?" என்று கேட்டிருந்தால் அது விளக்கம் கேட்பது, பதிவைக் கேட்பதாகாது. அந்தக் கேள்விக்கு மேல்முறையீட்டிலும் உயிர் வராது. மனு முழுக்க "ஏன்" என்றே இருந்தால் மேல்முறையீட்டை விட்டுவிட்டு, இன்னொரு பத்து ரூபாய் வில்லையோடு புது மனு போடுவதே மேல்.

மனு தபாலில் சேர்த்த நாள் 2025 ஜூன் 2. அலுவலகத்தில் பட்டுவாடா ஆனது ஜூன் 4. கணக்கு ஜூன் 4-இல்தான் தொடங்குகிறது. கிடைத்த நாளை விட்டுவிட்டு ஜூன் 5-ஐ முதல் நாளாக எண்ணினால் முப்பதாவது நாள் ஜூலை 4. அன்று மாலை வரை பொதுத் தகவல் அலுவலருக்கு அவகாசம் உண்டு. ஜூலை 5-இலிருந்துதான் அது மறுப்பு. தபாலில் போட்ட நாளிலிருந்து எண்ணி ஜூலை 3-ஆம் தேதி மேல்முறையீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "காலம் முடியுமுன் செய்யப்பட்டது" என்று தள்ளிவிடலாம். இப்படி ஒரு நாள், இரண்டு நாள் அவசரத்தில் வீணான கடிதங்களைப் பார்த்திருக்கிறேன்.

மனு வேறு அலுவலகத்துக்குரியதாக இருந்தால் அதை 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றியனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3). உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாகக் கொடுத்திருந்தாலும் 5 நாள் கூடும். இவை எதுவும் நம் வழக்கில் இல்லை.

ஆனால் ஜூன் 20-ஆம் தேதியிட்ட ஒரு தாள் வருகிறது. ந.க. எண் போட்டு, பொதுத் தகவல் அலுவலர் அதே அலுவலகத்தின் நில அளவைப் பிரிவுக்கு எழுதிய குறிப்பாணை. "இணைப்பில் கண்ட மனுவுக்கு உரிய தகவலை மனுதாரருக்கு நேரடியாக வழங்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று எழுதி, மனுதாரருக்கு ஒரு நகல். பலர் ஏமாறுவது இந்தத் தாளில்தான். பதில் வந்துவிட்டது, இனி நில அளவைப் பிரிவு அனுப்பும் என்று காத்திருந்தே மேல்முறையீட்டுக் காலத்தைக் கோட்டைவிடுகிறார்கள். ஒரே அலுவலகத்தின் இன்னொரு பிரிவிடம் தாளை அனுப்புவது பிரிவு 6(3)-இல் சொல்லும் மாற்றம் ஆகாது. அது பிரிவு 5(4)-இன் கீழ் சக அலுவலரின் உதவியைக் கேட்பது, அவ்வளவே. உதவி கேட்கப்பட்டவர் தராவிட்டால் பிரிவு 5(5) அவரையும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதும். நம்முடைய 30 நாள் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஜூலை 4 முடிந்தது. மேல்முறையீடு செய்ய அன்றிலிருந்து 30 நாள். கடைசி நாள் ஆகஸ்ட் 3. அது ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் கெடு முடிந்தால் அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம் என்று பொதுச் சட்டம் இருக்கிறது என்றாலும், அதை நம்பிக் கடைசி நாள் வரை போக வேண்டாம். தபால் தாமதத்துக்காக ஒரு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் காத்திருப்பதில் லாபமில்லை. நம் மனுதாரர் ஜூலை 9-ஆம் தேதி அனுப்புகிறார்.

யாருக்கு எழுதுவது?

"பொதுத் தகவல் அலுவலரைவிடப் பதவியில் மூத்த அலுவலர்" என்று மட்டும் சட்டம் சொல்கிறது, அதுவும் அதே பொது அதிகார அமைப்புக்குள். வட்டாட்சியர் அலுவலகத்தில் துணை வட்டாட்சியர் நிலையில் ஒருவர் பொதுத் தகவல் அலுவலராகவும், வட்டாட்சியர் மேல்முறையீட்டு அலுவலராகவும் இருப்பது வழக்கமான ஏற்பாடு. அலுவலக வாசலில் இருக்கும் பலகையில் இரண்டு பதவிகளும் எழுதியிருக்க வேண்டும். சில இடங்களில் பலகை பழையதாகவோ, மறைந்தோ இருக்கும். அப்போது பதவிப் பெயரைத் தேடி நாளைக் கழிக்காமல் "மேல்முறையீட்டு அலுவலர், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005" என்று போட்டு, கீழே அலுவலகத்தின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பலாம். ஆளின் பெயர் வேண்டாம். அவர் மாறுதலில் போயிருந்தால் கடிதம் அவர் பின்னாலேயே அலையும்.

உறையின் மேலும் "முதல் மேல்முறையீடு – பிரிவு 19(1)" என்று எழுதுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தபால் பிரிவில் பிரிக்கும்போது ஆர்.டி.ஐ. என்ற சொல்லைக் கண்டதுமே பழைய மனு இருக்கும் மேசைக்கே இதையும் தள்ளிவிடுவார்கள். மேல்முறையீடு எந்த எழுத்தரின் மேசையில் முதல் மனு தூங்கியதோ அதே மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் பயனில்லை.

தகவல் ஆணையத்துக்கே நேராகப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பதில் தராததைப் பற்றி பிரிவு 18-இன் கீழ் ஆணையத்திடம் புகார் தரலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகாரில் தகவல் கிடைக்காது. மணிப்பூரில் ஒருவர் 2007-இல் இரண்டு மனுக்கள் போட்டு, பதில் வராமல் மாநில ஆணையத்திடம் பிரிவு 18-இல் புகார் செய்தார். ஆணையம் தகவலைத் தரச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 டிசம்பர் 12-இல் தீர்ப்பு வந்தது. பிரிவு 18-இல் ஆணையம் அபராதம் விதிக்கலாம், தகவலைத் தரும்படி உத்தரவிட முடியாது, தகவல் வேண்டுமானால் பிரிவு 19-இன் வழியாகவே வர வேண்டும் என்பது தீர்ப்பு. நாலு ஆண்டுக்கு மேல் வழக்காடிய பிறகு, அந்த மனுதாரர் மேல்முறையீடு செய்யலாம், காலக்கெடுவைக் காட்டி அதைத் தள்ளக் கூடாது என்று நீதிமன்றம் வழிவிட்டது. அத்தனை ஆண்டும் ஒரு முதல் மேல்முறையீட்டுக் கடிதம் இல்லாததால் போனவை.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

இந்தக் கடிதத்தை இரண்டு பேர் படிப்பார்கள். முதலில் மேல்முறையீட்டு அலுவலர். அவரும் ஒன்றும் செய்யாவிட்டால், பல மாதம் கழித்து மாநிலத் தகவல் ஆணையர். இரண்டாம் மேல்முறையீட்டோடு இதன் நகலை இணைத்தாக வேண்டும். அப்போது அவருக்கு வேண்டியவை மூன்று விவரங்கள். மனு என்றைக்குக் கிடைத்தது, என்ன கேட்கப்பட்டது, என்ன வரவில்லை. நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பெறுநர்: மேல்முறையீட்டு அலுவலர் / வட்டாட்சியர் அவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, வட்டாட்சியர் அலுவலகம், (ஊர்).

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 – பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு – பிரிவு 7(1)-இல் குறித்த காலத்துக்குள் தகவல் வழங்கப்படாதது – தொடர்பாக.

பார்வை: 1. பொதுத் தகவல் அலுவலருக்கு நான் அனுப்பிய மனு, நாள் 02.06.2025. 2. விரைவுத் தபால் எண் ........, பட்டுவாடா நாள் 04.06.2025. 3. பொதுத் தகவல் அலுவலரின் குறிப்பாணை ந.க. எண் ........, நாள் 20.06.2025.

ஐயா / அம்மா, வணக்கம். பார்வை 1-இல் கண்ட மனுவில் நான்கு இனங்களில் தகவல் கேட்டிருந்தேன். மனு 04.06.2025 அன்று தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டது. 30 நாள் காலக்கெடு 04.07.2025-உடன் முடிவடைந்தது. இன்றுவரை நான்கு இனங்களில் எதற்கும் தகவலோ, மறுப்புக்கான காரணமோ எனக்குக் கிடைக்கவில்லை. பார்வை 3 உள்பிரிவுக்கு எழுதப்பட்ட குறிப்பாணை மட்டுமே. அதில் நான் கேட்ட தகவல் எதுவும் இல்லை. பிரிவு 7(2)-இன்படி இது மறுப்பாகக் கருதப்பட வேண்டியது என்பதால் இம்மேல்முறையீட்டைச் செய்கிறேன். மறுப்பு சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி பொதுத் தகவல் அலுவலரைச் சார்ந்தது.

ஆகவே, இனம் 1 முதல் 4 வரை நான் கேட்ட தகவல்களை, தாங்கள் குறிப்பிடும் ஒரு தேதிக்குள் வழங்கும்படி பொதுத் தகவல் அலுவலருக்கு உத்தரவிடவும், காலக்கெடு கடந்துவிட்டதால் பிரிவு 7(6)-இன்படி அவற்றைக் கட்டணமின்றி வழங்கச் செய்யவும், பிரிவு 19(6)-இல் குறித்த காலத்துக்குள் காரணங்களுடன் கூடிய எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பிக்கவும் வேண்டுகிறேன்.

இணைப்பு: மனுவின் நகல் (வில்லையுடன்), தபால் ரசீது, பட்டுவாடா விவரம், குறிப்பாணையின் நகல்.

இதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். லஞ்சம் கேட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இல்லை. அது உண்மையானால் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுத வேண்டியது. பொதுத் தகவல் அலுவலருக்கு அபராதம் போடுங்கள் என்ற வேண்டுகோளும் இல்லை. நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் பிரிவு 20-இல் தகவல் ஆணையத்துக்கு மட்டுமே உண்டு, வட்டாட்சியருக்கு இல்லை. ஐந்தாவது கேள்வியும் கிடையாது. மனு போட்ட பிறகு புதிதாக நினைவுக்கு வந்ததை மேல்முறையீட்டில் சேர்த்தால், அதைப் பிடித்துக்கொண்டு "புதிய தகவல் கோரியுள்ளார்" என்று முழுதையும் தள்ளிவிட வழி கொடுத்தவர்களாவோம். அதற்குத் தனி மனு.

"ஒரு தேதிக்குள்" என்ற சொல்லை நான் எப்போதும் சேர்ப்பேன். தேதி இல்லாத ஆணை "விரைந்து வழங்கவும்" என்று முடியும். அப்படி முடிந்தால் பொதுத் தகவல் அலுவலர் எந்த நாளில் ஆணையை மீறினார் என்று பிறகு காட்ட முடியாது.

மத்திய அரசு அலுவலகமாக இருந்தாலும் இதே கடிதம்தான், அங்கும் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. rtionline.gov.in வழியாக மனு போட்டிருந்தால் அதே பதிவு எண்ணைக் கொடுத்து அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். வேறு மாநில அலுவலகமானால் அந்த மாநில விதியைப் பார்த்துவிடுங்கள். மகாராஷ்டிரத்தில், எடுத்துக்காட்டாக, முதல் மேல்முறையீட்டுக்கே 20 ரூபாய் வில்லை ஒட்ட வேண்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்த பின்

மேல்முறையீடு ஜூலை 11-இல் பட்டுவாடா ஆகிறது. என் அனுபவத்தில் அதிகம் நடப்பது இனிச் சொல்லப்போவதுதான். ஜூலை 15-ஆம் தேதி பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. உள்ளே தேதி 03.07.2025. அதாவது 30 நாளுக்குள் எழுதியதுபோல் இருக்கிறது. இனம் 1-க்கு ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றுக்கு "18 பக்கங்களுக்குப் பக்கத்துக்கு ரூ.2 வீதம் ரூ.36 செலுத்திப் பெற்றுக்கொள்ளவும்" என்கிறார்கள்.

உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தபால் நிலைய முத்திரை ஜூலை 14. கடிதத்தில் என்ன தேதி இருந்தாலும் அது அலுவலகத்தை விட்டு வெளியே வந்த நாளைச் சொல்வது அந்த முத்திரைதான். காலம் கடந்து வரும் தகவலுக்குக் கட்டணம் இல்லை என்ற பிரிவு 7(6) இங்கே நிற்பதும் விழுவதும் அந்த உறையால். மனுதாரர் மறுநாளே மேல்முறையீட்டு அலுவலருக்கு நாலு வரிக் கூடுதல் கடிதம் எழுத வேண்டும். பதில் 14.07.2025 அன்றே அனுப்பப்பட்டது, உறையின் நகல் இணைப்பு, இனம் 2, 3, 4 இன்னும் வரவில்லை, மேல்முறையீடு நிலுவையில் உள்ளது. முப்பத்தாறு ரூபாய் பெரிய தொகையில்லை என்பது எனக்கும் தெரியும். தாள்கள் அவசரமாகத் தேவைப்பட்டால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிடலாம். ஒன்றும் எழுதாமல் கட்டினால் உள்ளே இருக்கும் ஜூலை 3 என்ற தேதியை நாமே ஒப்புக்கொண்டதாகச் சொல்ல இடம் கொடுக்கிறோம். கெடுவுக்குள்ளேயே உண்மையாகக் கட்டணம் கேட்டு எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்போது அவர்கள் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நாம் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது.

சில மேல்முறையீட்டு அலுவலர்கள் விசாரணைக்கு நாள் குறித்து அழைப்பார்கள். போவது நல்லது, முடியாவிட்டால் "என் கடிதத்தையே என் வாதமாக ஏற்கவும்" என்று எழுதி அனுப்பலாம். போனால் இணைப்புகளை இன்னொரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பெரும்பாலும் பேச்சு சுமுகமாகவே இருக்கும். தேநீர்கூட வரும். கையில் தாள்களைக் கொடுத்துவிட்டு "தகவல் பெற்றுக்கொண்டேன், திருப்தி" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்த இடத்தில் நிதானமாகப் பக்கங்களை எண்ணுங்கள். நம் வழக்கில் 18 பக்கம் கொடுத்துவிட்டு, கோப்பு யாரிடம் இருந்தது என்ற இனம் 4-க்கு ஒன்றும் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "இனம் 2, 3-க்கு 18 பக்கங்கள் பெற்றேன். இனம் 4-க்குத் தகவல் வழங்கப்படவில்லை" என்று நம் கையாலேயே எழுதித் தேதியோடு கையெழுத்திட வேண்டும். "திருப்தி" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால் ஆணையத்தில் அதைத் தாண்டிப் பேசுவது கடினம். பதிவேட்டில் மற்றவர்களின் பெயர் இருப்பதைக் காட்டி இனம் 3-ஐ மறுக்கப் பார்த்தால், பெயரை மறைத்துவிட்டு எண்ணையும் தேதியையும் தரச் சொல்லலாம். தரக்கூடிய பகுதியைப் பிரித்துத் தர பிரிவு 10 வழிசெய்கிறது.

வேறொன்றும் நடக்கும். மேல்முறையீட்டை வட்டாட்சியர் பார்க்காமலே அது பொதுத் தகவல் அலுவலருக்குப் போய், அவரே பதில் எழுதி அவரே கையெழுத்திட்டு அனுப்புவார். யாருக்கு எதிராக மேல்முறையீடு செய்தோமோ அவர் கையெழுத்திட்ட தாள் மேல்முறையீட்டு ஆணை ஆகாது. மேல்முறையீட்டு அலுவலரின் வேலை நீதிமன்றத் தன்மை கொண்டது, ஆணையில் காரணம் இருக்க வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறையின் வழிகாட்டுதலே சொல்கிறது. கையில் வந்த தாளில் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் பதவியை முதலில் பாருங்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று இருந்தால், உங்கள் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஆணை வரவில்லை என்றே கணக்கு.

ஆணைக்கான காலம் 30 நாள். காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் மொத்தம் 45 நாள் வரை போகலாம். ஜூலை 11-இலிருந்து எண்ணினால் முப்பதாவது நாள் ஆகஸ்ட் 10, நாற்பத்தைந்தாவது நாள் ஆகஸ்ட் 25. இதற்குள் ஆணை வராவிட்டால், அல்லது வந்த ஆணையில் இனம் 4 விடுபட்டிருந்தால், பிரிவு 19(3)-இன்படி தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 90 நாள். ஆணை வந்திருந்தால் அது கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆணையே வரவில்லையென்றால், காலம் நீட்டிக்கப்பட்டதா இல்லையா என்ற வாதத்துக்கே இடம் தராமல் ஆகஸ்ட் 10-இலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. அப்படி எண்ணினால் கடைசி நாள் நவம்பர் 8, சனிக்கிழமை.

முதல் மேல்முறையீட்டின் 30 நாளையே தவறவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. போதிய காரணம் காட்டினால் தாமதமாக வந்ததையும் ஏற்கலாம் என்று பிரிவு 19(1)-இலேயே இருக்கிறது. மருத்துவமனையில் இருந்தது, தவறான குறிப்பாணையை நம்பிக் காத்திருந்தது போன்றவற்றைச் சான்றோடு ஒரு பத்தியில் எழுதலாம். ஆனால் மாதக்கணக்கில் தாமதமாகிவிட்டால், ஏற்பார்களா மாட்டார்களா என்று காத்திருப்பதைவிட அதே நாலு கேள்விகளைப் புது மனுவாக அனுப்புவதே விரைவில் முடியும். ஒரே தகவலை மறுபடி கேட்கச் சட்டத்தில் தடை இல்லை. இந்த முறை வில்லை ஒட்டிய பிறகு நகல் எடுத்து, பட்டுவாடா ஆன நாளைக் குறித்துக்கொண்டு, முப்பத்தோராவது நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.